உங்கள் வீட்டுக் கிண்ணம் எவ்வளவு பிடிக்கும்?

டெல்லி கிழக்கு கிட்வாய் நகரில் என் சித்தப்பா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பழைய இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு எழுப்பிய உயரமான கட்டடங்களில் ஒன்றில், மத்திய அரசு ஊழியருக்கான வீடு. சன்னலைத் திறந்தால் ரிங் ரோட்டின் இரைச்சல். எய்ம்ஸும் சப்தர்ஜங் மருத்துவமனையும் நடந்து போகிற தூரம். டாக்டருக்கும் டயட்டீஷியனுக்கும் இங்கே பஞ்சமில்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடமாகிறது. போன வருடம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6-க்குப் போனபோதுதான் டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த இந்தத் தாள் வீட்டுக்கு வந்தது.

தாள் முழுக்க வடஇந்தியச் சமையலறை. காலையில் இரண்டு புல்கா அல்லது ஒரு கடோரி தலியா. பதினோரு மணிக்கு ஒரு பழம். மதியம் இரண்டு புல்கா அல்லது ஒரு கடோரி சாதம், ஒரு கடோரி தால், ஒரு கடோரி சப்ஜி, ஒரு கடோரி தயிர். மாலையில் ஒரு பிடி வறுத்த கடலை. இரவிலும் தயிர் நீங்கலாக மதியம் போலவே. படுக்கும் முன் கொஞ்சம் பால். மொத்தம் ஒரு நாளைக்கு 1500 கலோரி.

சித்தி அதை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. நான் சாட்சி. ஊரிலிருந்து போய் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அத்தனை அக்கறையோடு நடந்தும், மதியச் சாப்பாட்டுக்கு முன் 128 என்று காட்டிய குளுக்கோமீட்டர், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து 241 என்று காட்டியது. “தாள்ல போட்டிருக்கறபடி ஒரு கிண்ணம் சாதம்தானே போடறேன், அப்புறம் ஏன் ஏறுது?” என்று சித்தி கேட்டபோது குரல் உடைந்திருந்தது. சித்தப்பா திருட்டுத்தனமாக ஏதோ தின்கிறார் என்று மகனுக்குச் சந்தேகம். அவர் எதையும் தின்னவில்லை. தவறு கிண்ணத்தில் இருந்தது.

ஒரு பங்கு என்றால் என்ன?

இந்தத் தாள்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1950-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், அங்குள்ள உணவியலாளர் சங்கமும், பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து உணவுகளைக் குழு குழுவாகப் பிரித்து ஒரு பட்டியல் வெளியிட்டன. ஒரே குழுவில் இருப்பதை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். அதனால் அதற்கு எக்ஸ்சேஞ்ச் பட்டியல் என்று பெயர். இன்று பரவலாகப் புழங்கும் கணக்கில் மாவுச்சத்துக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒரு பங்கு, 15 கிராம். சில டயட்டீஷியன்கள் 30 கிராம் தானியத்தை ஒரு பங்காக வைப்பார்கள். அப்படியானால் மாவுச்சத்து 20 கிராமுக்கு மேல் வரும். ஆகவே உங்களுக்கு எழுதிக்கொடுத்தவர் எதை ஒரு பங்கு என்கிறார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சித்தப்பாவின் தாளில் 15 கிராம்தான்.

எந்தத் தானியத்தில் எவ்வளவு மாவுச்சத்து என்பதை ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அளந்து வைத்திருக்கிறது. நம் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. அவர்கள் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம், கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. எல்லாம் சமைக்காத நிலையில். அப்படியானால் 20 கிராம் அரிசி ஒரு பங்கு. 20-லிருந்து 25 கிராம் மாவில் தட்டிய புல்கா ஒரு பங்கு. தாளில் “இரண்டு புல்கா அல்லது ஒரு கடோரி சாதம்” என்று இருந்தால், 40 கிராம் அரிசி வடித்த சாதம் என்று பொருள். வடித்தபின் அது 110, 115 கிராம் ஆகும்.

கடோரி என்று அவர்கள் சொல்வது பொதுவாக 150 மில்லி பிடிக்கும் சின்னக் கிண்ணம். டெல்லி வீடுகளில் தால் ஊற்றித் தட்டின் ஓரத்தில் வைப்பார்களே, அது. சித்தியின் கிண்ணம் கல்யாணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. சமையலறைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினோம். 240 கிராம் காட்டியது. தண்ணீரில் ஒரு கிராம் ஒரு மில்லி, ஆகவே 240 மில்லி. அதே கிண்ணத்தில் சாதத்தை அழுத்தாமல் நிரப்பினால் 190 கிராம். அரிசிக் கணக்கில் 68 கிராம். மாவுச்சத்து 53 கிராம். இரண்டு பங்கு என்று நினைத்து மூன்றரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார் சித்தி.

அன்றைய மதியத் தட்டை முழுக்கக் கணக்கிட்டுப் பார்த்தோம். சப்ஜிக்குப் பதில் உருளைக்கிழங்கு ரோஸ்ட், ஒரு கிண்ணம். தாளில் சப்ஜி என்று எழுதும்போது டயட்டீஷியன் மனத்தில் இருந்தது சுரைக்காயும் பீர்க்கங்காயும் கீரையும். அவற்றில் ஒரு கிண்ணத்துக்கு ஐந்து கிராம் மாவுச்சத்து போலத்தான் வரும். 150 கிராம் உருளைக்கிழங்கில் இருபது கிராமுக்கு மேல். அது ஒன்றேகால், ஒன்றரைப் பங்கு. சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாம் இந்தக் கணக்கில் காய்கறிகள் அல்ல, சாதத்தின் உறவுக்காரர்கள். மொத்தத்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டிய மதியச் சாப்பாடு ஆறு பங்கை நெருங்கிவிட்டது. 241 எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

தால் போய் சாம்பார் வந்தால்

இதைவிட நுட்பமான தவறு ஒன்று அந்தத் தட்டிலேயே இருந்தது. கூடுதலை மட்டும் தேடிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது படவில்லை. அடுத்த முறை கூடப் போனபோது டயட்டீஷியன்தான் சுட்டிக்காட்டினார்.

ஒரு கடோரி தாலுக்குப் பதில் ஒரு கிண்ணம் சாம்பார் என்று சித்தி மாற்றியிருந்தார். பெரும்பாலான தமிழ் வீடுகளில் இப்படித்தான் மாற்றுவார்கள், இரண்டும் துவரம்பருப்புதானே என்று. ஆனால் வடக்கத்தி தால் கெட்டியானது. ஒரு கடோரிக்கு 25, 30 கிராம் பருப்பு போகும். அதில் ஆறரை கிராம் வரை புரதம். நம் சாம்பாரில் அதே அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் பருப்புதான் இருக்கும், மீதி புளித்தண்ணீரும் காயும். புரதம் இரண்டரை கிராம். ரசத்தில் அதுவும் இல்லை. இரண்டு வேளையும் இப்படி மாற்றினால் நாளைக்கு எட்டு கிராம் புரதம் காணாமல் போகிறது. அந்த இடத்தில் பசி வருகிறது. பசி வந்தால் கை தானாக இன்னொரு கரண்டி சாதத்துக்குப் போகிறது. நம்மவர்கள் தாளைக் கடைப்பிடித்தும் எப்போதும் பசிக்கிறது என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுவே என்பது என் எண்ணம்.

சாம்பாரை விடவேண்டியதில்லை. சித்தி இப்போது செய்வது இது: சாம்பாரில் காயை இரட்டிப்பாக்கி, அதைத் தொடுகறிபோல் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடத் தருகிறார். தாலின் இடத்தை நிரப்ப, 30 கிராம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறவைத்துச் சுண்டல். 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையில் பன்னிரண்டு கிராம் மாவுச்சத்தும் ஐந்தரை கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருக்கின்றன. ஒரு பங்குக்குள் அடங்கும். கிட்வாய் நகரில் நவராத்திரி சமயத்தில் பக்கத்து வீடுகளில் விரதம் என்று தானியத்தை விட்டுவிட்டு ஜவ்வரிசி கிச்சடியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. அதே ஒன்பது நாளும் நம் கொலுவில் சுண்டல். சர்க்கரை நோயாளிக்கு நம் வழக்கமே தோதானது. தேங்காயை மட்டும் ஒரு ஸ்பூனோடு நிறுத்த வேண்டும்.

சாதம், சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று சாப்பிட்டுப் பழகியவரிடம் 115 கிராம் சாதத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? சித்தப்பாவுக்கு இதுதான் பெரிய துக்கமாக இருந்தது. அவர் டயட்டீஷியனிடம் கேட்ட ஒரே கேள்வி, “தயிர் சாதம் உண்டா, இல்லையா மேடம்?” என்பது. உண்டு என்றார் அவர். இப்போது குக்கரில் சித்தப்பாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பாவில் 40 கிராம் அரிசி. அந்த டப்பாவில் இருப்பது அவருடையது, அவ்வளவுதான். முதலில் காயும் சுண்டலும் சாம்பாரும் வெறுமனே. பிறகு சாதத்தில் ஒரு பாதி சாம்பாரோ ரசமோ விட்டு, மறுபாதி தயிரோடு. பொதுப் பாத்திரத்திலிருந்து கரண்டியால் எடுத்துப் போட்ட காலத்தில் தினம் ஒரு அளவு போய்க்கொண்டிருந்தது. தனி டப்பா வந்ததும் அது நின்றுவிட்டது.

மாவுச் சட்டியை நிறுத்துப் பார்த்தோம்

காலைப் பலகாரத்தில் “இரண்டு புல்கா” என்ற இடத்தில் “இரண்டு தோசை” வந்திருந்தது. இதைச் சரிபார்க்க நாங்கள் செய்ததை எந்த வீட்டிலும் செய்யலாம். அந்த வாரம் அரைத்தது 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து. நான்குக்கு ஒன்று. புளித்தபின் மாவைச் சட்டியோடு நிறுத்து, சட்டியின் எடையைக் கழித்தால் இரண்டரை கிலோ. அரிசியில் இருந்து 624 கிராம் மாவுச்சத்து, உளுந்திலிருந்து சுமார் 100. ஆக இரண்டரை கிலோ மாவில் 725 கிராம் போல. வகுத்தால் 50 கிராம் மாவுக்குப் பதினான்கரை கிராம் வருகிறது. சித்தியின் இட்லித் தட்டில் ஒரு குழி 50 கிராம் மாவு பிடித்தது. ஒரு இட்லி, ஒரு பங்கு. கணக்கு இத்தனை நேராக வந்ததில் சித்திக்குக் குழந்தைபோல் சந்தோஷம்.

தோசைக் கரண்டி அப்படி இல்லை. ஒரு கரண்டி மாவு 80 கிராம் நின்றது. இரண்டு தோசை 160 கிராம், மூன்று பங்குக்கு மேல். எண்ணெய் தனி. இரண்டு புல்காவுக்கு ஈடாக வேண்டுமானால் இரண்டு இட்லி, அல்லது சின்னக் கரண்டியில் 50 கிராம் மாவு விட்டு மெலிதாக வார்த்த இரண்டு தோசை. மாவில் தண்ணீர் கூடினால் எண் மாறும், இட்லித் தட்டு மாறினாலும் மாறும். ஆகவே என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்கும் முன் அரிசியையும் உளுந்தையும் ஒருமுறை நிறுங்கள், புளித்தபின் மாவை ஒருமுறை நிறுங்கள். அந்த வீட்டுக்கு அந்தக் கணக்கு வருடக்கணக்கில் நிற்கும்.

புல்காவும் நம் சப்பாத்தியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் தேய்ப்பது பெரும்பாலும் 35, 40 கிராம் மாவு, மேலே எண்ணெய். அது இரண்டு பங்குக்கு அருகில் போய்விடும்.

தாளில் இருந்த சில பெயர்கள் வீணாகப் பயமுறுத்தின. தலியா என்றதும் ஆஸ்பத்திரிக் கஞ்சி என்று சித்தி ஒதுக்கிவிட்டார். அது உடைத்த கோதுமை, நம் கோதுமை ரவை. வெங்காயம், பீன்ஸ், காரட் போட்டு உப்புமாவாகக் கிளறினால் சித்தப்பாவுக்குப் பிடித்த பலகாரம். போஹா என்பது அவல். மூங் தால் சீலா என்று இருந்தது பாசிப்பருப்பு தோசை. அடை வார்க்கத் தெரிந்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிய அடை, அந்தச் சீலாவுக்கு நல்ல மாற்று. முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் ஐஎன்ஏ மார்க்கெட்டில் தென்னிந்தியக் காய்கறி விற்கும் கடைகளில் கிடைத்துவிடும். சுரைக்காயும் பாகற்காயும் வெந்தயக்கீரையும் வீட்டு வாசலிலேயே.

பழத்தில் ஒரு சிக்கல். டெல்லியில் கிடைப்பது பெரிய வாழைப்பழம். ஒன்றில் 25 கிராம் மாவுச்சத்து வரை வந்துவிடும். பாதிதான் ஒரு பங்கைத் தாண்டாமல் நிற்கும். நம் ஊர்ச் சின்னப் பழத்தை நினைத்துக்கொண்டு “ஒரு பழம்” என்று எண்ணக்கூடாது. குளிர்காலத்தில் கொய்யா எளிது.

அரிசியை அறவே நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக்கும் சிறுதானியத்துக்கும் மாறலாமே என்று உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம், உண்மைதான். ஆனால் மாவுச்சத்து கோதுமையைவிடச் சற்றுக் கூடுதல். அளந்து சாப்பிட்டால் நல்லது, அளக்காமல் குடிக்கும் ஒரு சொம்பு கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். மாவாக அரைத்துக் கரைத்தது சீக்கிரம் செரிக்கும் என்பதும் இதில் சேரும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நாடெங்கும் எடுத்த ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. தீட்டிய தானியத்தை விட்டு முழுக்கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டியாக வேண்டும் என்பது அதன் முடிவு. சித்தி வாங்கி வைத்த ஐந்து கிலோ கேழ்வரகு மாவு வீணாகவில்லை. வாரம் இரண்டு நாள் அடையாகிறது, நிறுத்து.

குறைத்தபின் வருவது

அளவு சரியான மூன்றாவது வாரம், காலை பதினொன்றரை மணிக்குச் சித்தப்பாவுக்கு அலுவலகத்தில் கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. மீட்டிங் இருந்ததால் பதினோரு மணிப் பழத்தை விட்டுவிட்டார். மீட்டர் 64 காட்டியது. அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு மாத்திரை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை அது. பழைய பெரிய தட்டுக்கு ஏற்ற மாத்திரை அளவு, புதிய சின்னத் தட்டுக்கு அதிகமாகிவிட்டது.

70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்துக் குடிக்க வேண்டும், மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சித்தப்பாவின் சட்டைப் பையில் இப்போது குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அளவுச் சாப்பாட்டைத் தொடங்கும் நாளிலேயே அதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் தாளில் உள்ள இடைப் பலகாரத்தை “பசியில்லை” என்று விடக்கூடாது, ஏகாதசி, அமாவாசை விரதங்களையும் டாக்டரைக் கேட்காமல் மேற்கொள்ளக்கூடாது.

எதிர் வீட்டு அம்மா இந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போக வந்தார். அவருக்கும் சர்க்கரைதான், ஆனால் சிறுநீரகத்திலும் பாதிப்பு. அவருக்குப் புரதம் எவ்வளவு, பழமும் கீரையும் எவ்வளவு என்பது வேறு கணக்கு. சித்தப்பாவுக்கு நல்லது செய்யும் சுண்டல் அவருக்குக் கெடுதல் செய்யலாம். சித்தி தாளைக் கொடுக்கவில்லை, டயட்டீஷியனிடம் கூட்டிக்கொண்டு போனார்.

சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்துச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே அன்று தட்டில் என்ன இருந்தது என்று சித்தி எழுதுகிறார். ஒரே தட்டுக்கு எண் திடீரென்று கூடினால் முதலில் அளவைச் சந்தேகிக்கிறார்கள், பிறகுதான் மற்றதை. போன மாதம் மதியம் 122, பிறகு 168. எச்பிஏ1சி 7.2. அதில் மாத்திரைக்கும் மாலை நடைக்கும் பங்கு உண்டு, எல்லாம் கிண்ணத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன்.

ஃபிரிட்ஜ் கதவில் இப்போது இரண்டு தாள். பழையதன் பக்கத்தில் சித்தியின் கையெழுத்தில் தமிழில் ஒன்று: இந்த வீட்டுக் கரண்டி, இந்த வீட்டு இட்லி, இந்த வீட்டு டப்பா, எது எத்தனை பங்கு என்று. அதை டயட்டீஷியனிடம் காட்டி, இரண்டு இடத்தில் திருத்தம் வாங்கி வந்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தால், அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்க்கப் போகும்போது உங்கள் சாதக் கிண்ணத்தையும் தோசைக் கரண்டியையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மேசைமேல் வைத்து, இதில் எவ்வளவு என்று கேளுங்கள்.